அயித்தை எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை அவர்களே தனியாக ரத்து செய்திருக்கிறார்கள். செல்லுமா?

கண்டனூரான்

வணக்கம். காரைக்குடிச் சொத்து ஒன்றில் சிக்கல். பத்திரம் படித்துப் பழகியவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் அப்பச்சியுடன் பிறந்த அயித்தைக்குப் பிள்ளை இல்லை. அயித்தான் போன பிறகு, தன் பேரில் கிரயம் வாங்கியிருந்த மனையையும் அதிலுள்ள ஓட்டு வீட்டையும் 2014ல் எனக்குச் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்து கொடுத்தார்கள். வளவு வீட்டுப் பங்கு எதுவும் இதில் இல்லை, முழுக்க அவர்களுடைய சொந்தச் சொத்து. அசல் பத்திரத்தை அன்றைக்கே என் கையில் கொடுத்துவிட்டார்கள். பட்டா மாற்றவில்லை. வீட்டு வரி இன்னும் அயித்தை பேரில்தான் ஓடுகிறது. அங்கேயே குடியிருந்து, முன்பக்கக் கடை வாடகையையும் அவர்களே வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் புதிதாக இரண்டு பதிவு நிற்கிறது. 2021ல் அயித்தை மட்டும் கையெழுத்துப் போட்ட செட்டில்மெண்ட் ரத்து ஆவணம். 2022ல் அதே சொத்து வெளியாள் ஒருவருக்குக் கிரயம். ரத்தில் என் கையெழுத்து இல்லை, யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. அரசு அலுவலகத்தில் பதிவாகிவிட்டதே, இனி எனக்கு ஒன்றும் இல்லையா?

புதுவயல் கணேசன்

கடைசியாக எழுதியதுதான் செல்லும் தம்பி. என் பெரியப்பா மூன்று முறை மாற்றி எழுதினார், கடைசிப் பத்திரத்தின்படிதான் பாகம் நடந்தது. அயித்தை உயிரோடு இருக்கும்போது அவர்கள் சொத்தை அவர்கள் மாற்றி எழுத உரிமை உண்டு.

சிங்கை மெய்யப்பன்

கணேசன் அண்ணே, உங்கள் பெரியப்பா எழுதியது உயிலாக இருக்கும். இவர் கேட்பது செட்டில்மெண்ட்.

கண்டனூரான், கவலைப்படாதீர்கள். ஒருதலைப்பட்சமாகச் செய்த எந்த ரத்தும் செல்லாது, அது வெறும் காகிதம். மாவட்டப் பதிவாளருக்கு 77ஏ பிரிவில் ஒரு மனு கொடுத்தால் அவரே விசாரித்து ரத்தை நீக்கிவிடுவார். கோர்ட்டுக்கே போக வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போலிப் பத்திரம் ஒன்றில் 2023ல் அப்படித்தான் முடிந்தது.

தேவகோட்டை வக்கீல்

மெய்யப்பன் சொன்னதில் முன்பாதி ஓரளவு சரி. பின்பாதியை நம்பி யாரும் நாளைக் கழித்துவிடக் கூடாது. 77ஏ என்பது 2022ல் தமிழ்நாடு அரசு பதிவுச் சட்டத்தில் சேர்த்த பிரிவு. மாவட்டப் பதிவாளர் பதிவான ஆவணத்தை ரத்து செய்யலாம் என்றது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளிவிட்டது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு 2023ல் நடந்தது இன்று இவருக்கு நடக்கும் என்று எண்ண முடியாது.

"எந்த ரத்தும்" என்பதும் அதிகம். உயிலை எழுதியவர் தன் காலம் வரை எப்போது வேண்டுமானாலும் தனியாக ரத்து செய்யலாம். பவர் பத்திரத்தையும் செய்யலாம், பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் சொந்த நலன் இருந்தால் தவிர. கிரயம், தானம், செட்டில்மெண்ட் கதை வேறு. எழுதிப் பதிந்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட நிமிஷத்தில் சொத்து கைமாறிவிட்டது. தன்னிடம் இல்லாத பாத்தியத்தை ஒருவர் தானே ஒரு காகிதம் எழுதித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் முக்கியமான தீர்ப்பு நம் ஊரிலிருந்தே போனது. தேவகோட்டை கோட்டாட்சியர் எதிர்மனுதாரராக இருந்த வழக்கில், 2022 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு தீர்ப்புச் சொன்னது. உயில் அல்லாத உரிமை மாற்றப் பத்திரத்தை ஒரு தரப்பாக ரத்து செய்தால் அந்த ரத்து அடியோடு செல்லாது, அதைப் பதிவுக்கு ஏற்கவும் கூடாது என்றார்கள். தானம், செட்டில்மெண்டைப் பொறுத்தவரை சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவுக்குள் வந்தால் மட்டும்தான் ரத்துக்கு இடம். கிரயத்துக்கு இதே கருத்தை 2011லேயே இன்னொரு முழு அமர்வு சொல்லியிருந்தது. செட்டில்மெண்டில் மட்டும் 2022 வரை அலுவலகங்களில் ரத்தைப் பதிந்துகொண்டே இருந்தார்கள். உங்கள் அயித்தையின் 2021 ரத்து உள்ளே நுழைந்தது அப்படித்தான்.

ஆனால் தம்பி, இதெல்லாம் உங்கள் கையில் இருப்பது உண்மையிலேயே செட்டில்மெண்டா என்பதைப் பொறுத்தது. தலைப்பில் செட்டில்மெண்ட் என்று போட்டுவிட்டு உள்ளே உயில் எழுதியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பாத்தியம் எப்போது வரும், ஆயுள் அனுபவம், ரத்து உரிமை. இந்த மூன்றைப் பற்றியும் பத்திரத்தில் உள்ள வரிகளை அப்படியே தட்டிப் போடுங்கள். ரத்துப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் வேண்டும்.

மானகிரி மகள்

சட்டம் எல்லாம் சரி. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். பிள்ளை இல்லாத ஒரு மனுஷி ஏழு வருஷம் கழித்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய நினைத்திருக்கிறார்கள் என்றால் ஏன்? இடையில் அவர்களை யார் போய்ப் பார்த்தார்கள்? செட்டிநாட்டில் எத்தனை வீட்டில் வயதானவர்கள் பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, முகப்பில் உட்கார்ந்து யாராவது வருவார்களா என்று வழி பார்க்கிறார்கள்.

கண்டனூரான்

அக்கா, கேட்க வேண்டிய கேள்விதான். முதல் நாலைந்து வருஷம் மாதாமாதம் பணம் அனுப்பினேன், வந்து பார்த்தேன். அப்புறம் என் வேலை போய் ரொம்பக் குறைந்துவிட்டது. இப்போது அயித்தையைத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். கிரயப் பணம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர்களை வீட்டை விட்டு அனுப்ப நான் நினைத்ததே இல்லை.

வக்கீல் ஐயா, 2014 பத்திரத்தில் உள்ளது: "இன்று முதல் மேற்படி சொத்தை நீரே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் அடைந்துகொள்ள வேண்டியது. என் ஆயுள் பரியந்தம் நான் மேற்படி வீட்டில் குடியிருந்தும் வாடகை வரும்படியைப் பெற்றும் அனுபவித்து வருவேன். இந்த செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை கிடையாது."

ரத்துப் பத்திரத்தில்: "மேற்படி செட்டில்மெண்ட் அமுலுக்கு வரவில்லை, சுவாதீனம் ஒப்படைக்கப்படவில்லை, என்னைப் பராமரிக்கவும் இல்லை, ஆகையால் ரத்து செய்கிறேன்."

தேவகோட்டை வக்கீல்

இப்போது பேசலாம். "இன்று முதல்" என்ற அந்த இரண்டு சொல்தான் உங்களுக்குத் தூண். அதே இடத்தில் "என் காலத்திற்குப் பிறகு நீர் அடைந்துகொள்ள வேண்டியது" என்று மட்டும் இருந்திருந்தால், பதிவு செய்திருந்தாலும் கோர்ட் அதை உயிலாகப் படிக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்போது அயித்தையின் ரத்தும் நிற்கும், கிரயமும் நிற்கும். உங்கள் பத்திரத்தில் பாத்தியம் அன்றே வந்துவிட்டது. ஆயுள் அனுபவத்தை மட்டும் அயித்தை கையில் வைத்துக்கொண்டார்கள்.

ரத்தில் சொன்ன மூன்று காரணத்தையும் எடுத்துக்கொள்வோம். சுவாதீனம் கொடுக்கவில்லை என்பது இந்த மாதிரி ரத்துப் பத்திரங்களில் வழக்கமாக வரும் வரி. பதிவு செய்த தானத்துக்குச் சுவாதீனம் கட்டாயம் இல்லை, கொடுத்தவர் ஆயுள் அனுபவத்தை நிறுத்தி வைத்துக்கொண்டாலும் தானம் முழுமையானதே என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அமுலுக்கு வரவில்லை என்பதுதான் நீங்கள் தயாராக வேண்டிய இடம். தானம் செல்ல, கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கியவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். பட்டா மாற்றாதது, வரி கட்டாதது இரண்டையும் எதிர்த்தரப்பு இங்கேதான் கொண்டுவந்து போடும். அசல் உங்களிடம் இருப்பது நல்ல சான்று. வேறு என்ன இருக்கிறது?

பராமரிக்கவில்லை என்பது 126க்குள் வராது. அந்தப் பிரிவு இரண்டு வழியைத்தான் திறந்து வைத்திருக்கிறது. எழுதும்போதே இருவரும் சேர்ந்து, கொடுத்தவரின் இஷ்டத்தைச் சாராத ஒரு நிகழ்ச்சியைக் குறித்து, அது நடந்தால் தானம் திரும்பும் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏமாற்று, மிரட்டல் போன்ற, ஒப்பந்தத்தை முறிக்கத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். அதைக் கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். மனம் நொந்தது மட்டும் போதாது. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் அந்தப் பிரிவு அப்படித்தான் இருக்கிறது.

கண்டனூரான்

2016ல் இந்தச் சொத்தின் மேல் வங்கியில் கடன் கேட்டேன். வங்கி வக்கீல் அசலைப் பார்த்துச் சட்டக் கருத்து எழுதிக் கொடுத்தார். ஆயுள் அனுபவ வரியைக் காட்டி, அயித்தையும் கையெழுத்துப் போட்டால்தான் முடியும் என்றார்கள். அதனால் கடன் வரவில்லை. அந்தக் கருத்தின் நகல் இருக்கிறது.

தேவகோட்டை வக்கீல்

அதைப் பத்திரமாக வையுங்கள். சொத்து என்னுடையது என்று 2016லேயே நீங்கள் நடந்துகொண்டதற்கு, ரத்துக்கு ஐந்து வருஷம் முந்தைய காகிதம் அது.

புதுவயல் கணேசன்

உயிலும் செட்டில்மெண்டும் வேறு என்று புரிந்தது. சரி, கிரயம் வாங்கினவர் பணம் கொடுத்துத்தானே வாங்கினார்? வில்லங்கத்தில் ரத்து பதிவாகியிருக்கிறது, அதை நம்பித்தான் வாங்கியிருப்பார். அவர் கதி?

இன்னொன்று. ரத்து 2021ல். பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அது 2024லேயே முடிந்துவிட்டதே.

தேவகோட்டை வக்கீல்

வாங்கியவருக்கு 2014 செட்டில்மெண்டும் அதே வில்லங்கத்தில் தெரிந்திருக்கும். பதிவான பத்திரம் பின்னால் அந்தச் சொத்தை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ரத்தைப் பார்த்தவர், அதில் ஒரு கையெழுத்துத்தான் இருக்கிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும். அயித்தையிடம் என்ன இருந்ததோ அதற்கு மேல் அவருக்கு வந்திருக்காது.

அயித்தையிடம் என்ன இருந்தது என்பதில்தான் ஒரு நுணுக்கம். ஆயுள் அனுபவம் அவர்களிடம் இருந்தது. அந்தக் கிரயத்தில் அது மட்டுமாவது வாங்கியவருக்குப் போனதா? அயித்தை காலம் வரை அவர் கடை வாடகையை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் வரும். "நான் குடியிருந்து" என்று எழுதியிருப்பதால் அது அவர்களுக்கு மட்டுமே ஆன சொந்த அனுபவம், கைமாற்ற முடியாதது என்று நாம் சொல்லலாம். குடியிருப்புக்கு அந்த வாதம் பலமாக இருக்கும். வாடகைக்கு அவ்வளவு பலம் இருக்குமா என்பது எனக்கே சந்தேகம்தான்.

கெடு விஷயம். மூன்று வருஷம் என்பது சரி, ஆனால் அது பதிவான தேதியிலிருந்து ஓடாது. ரத்து நடந்தது உங்களுக்கு முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்து ஓடும். பதிவு என்றாலே எல்லோருக்கும் தெரிந்ததாகிவிடும் என்பது பின்னால் வாங்குபவருக்குச் சொன்னது. ஏற்கெனவே உரிமை உள்ளவர் மாதாமாதம் வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. உங்களுக்கு எப்போது தெரியும்?

கண்டனூரான்

காகிதமாகப் பார்த்தது போன மாதம். ஆனால் 2022 கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பா ஒருவர், "அயித்தை உன் பத்திரத்தை என்னமோ பண்ணிட்டாகளாம்டா" என்று சொன்னார். பெண்ணழைப்பு நேரம், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேவகோட்டை வக்கீல்

அதை உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லுங்கள். கூண்டில் ஏறிய பிறகு குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் உங்கள் வழக்கு முழுக்கச் சந்தேகப்படும். கல்யாண வீட்டுப் பேச்சு விவரம் தெரிந்ததாகாது என்று வாதாடலாம். எதிர்த்தரப்பும் சும்மா இருக்காது.

அதனால் வழக்கை அந்த ஒரே காலில் நிறுத்த வேண்டாம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அதிலிருந்து விடுபட வேண்டுமானால் "ரத்து செய்து கொடு" என்று கேட்க வேண்டும். நீங்கள் அந்த ரத்திலும் கையெழுத்துப் போடவில்லை, கிரயத்திலும் போடவில்லை. "இந்த இரண்டும் என்னைக் கட்டுப்படுத்தாது, சொத்து என்னுடையது" என்று விளம்புகை கேட்டால் போதும். அதோடு இனி யாருக்கும் விற்கக் கூடாது என்று உறுத்துக்கட்டளையும் கேளுங்கள். விளம்புகைக்கும் மூன்று வருஷக் கெடு உண்டு, எந்த நாளிலிருந்து என்ற சண்டை அங்கேயும் வரும்.

அதையும் தாண்டி உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. அயித்தை காலத்துக்குப் பிறகுதான் சுவாதீனம் கேட்கும் நேரமே உங்களுக்கு வருகிறது. உங்களைப் போன்றவருக்கு எதிராக எதிரிடை அனுபவத்தின் 12 வருஷம் அன்றைக்குத்தான் ஓடத் தொடங்கும் என்று காலவரையறைச் சட்டத்தின் 65ஆம் இனத்திலேயே விளக்கம் உண்டு. அடியோடு செல்லாத பத்திரத்தைத் தனியாக நீக்காமலே அப்போது சுவாதீனம் கேட்கலாம் என்பது என் கருத்து. எல்லா வக்கீல்களும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

சிங்கை மெய்யப்பன்

77ஏ விழுந்தது எனக்குத் தெரியாது, நன்றி. அந்த 2022 தீர்ப்பில் கோர்ட்டுக்குப் போகாமல் மதுரைக் கிளையில் ரிட் போடலாம் என்று இருப்பதாகப் படித்தேன். அது சுருக்கு வழி இல்லையா? சிவில் வழக்கு எத்தனை வருஷம் இழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தேவகோட்டை வக்கீல்

இருக்கிறது, அதே தீர்ப்பில்தான் சொல்லியிருக்கிறார்கள். வாங்கியவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, ரத்தைப் பதிந்ததை எதிர்த்து ரிட் மனு நிற்கும். ரத்து மட்டும் நடந்து சொத்து அயித்தை பேரிலேயே நின்றிருந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு மதுரைக்குப் போகச் சொல்லியிருப்பேன். இங்கே 2022ல் ஒரு கிரயம் வந்துவிட்டது, ஏற்பு நடந்ததா என்ற சண்டையும் வரும். சாட்சி வைத்து விசாரிக்க வேண்டிய விஷயம் என்று பட்டால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ரிட்டில் ரத்துப் பதிவு நீங்கினாலும் கிரயம் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும். இருக்கும் நாளை ரிட்டில் செலவழித்துவிட்டு அப்புறம் சிவிலுக்கு வந்தால் கெடு கழுத்தைப் பிடிக்கும். என் வழி, தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ மதிப்புக்கு ஏற்ற கோர்ட்டில் உடனே வழக்கு. வேறு வக்கீல் ரிட் என்று சொன்னால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

பள்ளத்தூர் தாய்

ஐயா, என் விஷயம் இதற்கு நேர் எதிர். 2018ல் என் வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். எனக்கு இப்போது 71 வயது. ஒரு வேளைச் சோறுக்கும் அவன் வீட்டில் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. நாளைக்குப் போய் ரத்து எழுதலாம் என்று இருந்தேன். இதையெல்லாம் படித்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தேவகோட்டை வக்கீல்

ஆச்சி, ரத்து எழுதப் போகாதீர்கள். இன்றைக்குப் பதிவுக்கு ஏற்க மறுப்பார்கள். ஏற்றாலும் உங்கள் மகன் அதை எளிதாக உடைத்துவிடுவார். உங்களுக்கு வேறு கதவு இருக்கிறது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அதன் 23ஆம் பிரிவில் தேவகோட்டை கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள், அவர்தான் தீர்ப்பாயம். பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அவர் அறிவிக்கலாம். சோறு, மருந்துக்கு மாதப் பராமரிப்பும் அதே இடத்தில் கேட்கலாம். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம்.

பத்திரத்தில் பராமரிப்பு பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

பள்ளத்தூர் தாய்

"உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்றுதான் இருக்கிறது. சோறு போடுவான் என்று பெற்ற பிள்ளையிடம் எழுதி வாங்கவா தோன்றும்?

தேவகோட்டை வக்கீல்

அங்கேதான் கோர்ட்டுகளுக்குள்ளேயே இழுபறி. நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், அன்பும் பாசமும் என்று எழுதியதையே மறைந்து நிற்கும் நிபந்தனையாக ஏற்றுக்கொண்டது. அதனால் உங்கள் பத்திரத்தை வைத்தும் மனுக் கொடுக்கலாம். ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். மருந்துச் சீட்டு, அவரிடம் பணம் கேட்டு அனுப்பிய செய்தி, பக்கத்து வீட்டில் பார்த்தவர்கள், எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போங்கள். பராமரிப்புத் தொகை மட்டும் எப்படியும் கேட்கலாம், அதற்கு நிபந்தனை எதுவும் வேண்டாம்.

மானகிரி மகள்

அப்படியென்றால் கண்டனூரான் தம்பியின் அயித்தையும் ரத்து எழுதாமல் கோட்டாட்சியரிடம் போயிருக்கலாம். யாரோ அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரம் எழுத வைத்திருக்கிறார்கள். வழியைச் சொல்ல ஆளில்லை.

தம்பி, வழக்குப் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிரதிவாதியாக முதலில் நிற்கப் போவது உன் அயித்தை.

கண்டனூரான்

அதுதான் அக்கா என்னை அழுத்துகிறது. அயித்தையே இப்போது கோட்டாட்சியரிடம் 23ல் மனுக் கொடுத்தால்? அப்போது என் பத்திரம் போய்விடுமா?

தேவகோட்டை வக்கீல்

கொடுக்கலாம். உங்கள் பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை இல்லை, "ரத்து செய்ய எனக்கு உரிமை கிடையாது" என்றும் இருக்கிறது. ஆனாலும் இப்போது போகும் போக்கில், முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள்.

வழக்குப் போடும் முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். கிரயப் பணம் அவர்கள் கைக்கு வந்ததா என்று மட்டும் கேளுங்கள். வரவில்லை என்றால் அந்தக் கிரயமே வேறு மாதிரிப் படிக்கப்படும், அயித்தையே உங்கள் பக்கம் சாட்சி சொல்ல முன்வரலாம்.

தீர்ப்பு கிடைத்தால் அதோடு முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடம் கொடுத்து வில்லங்கத்தில் ஏற்றும் வரை பின்னால் வருபவர் கண்ணுக்கு 2021 ரத்துதான் தெரியும்.

கண்டனூரான்

2022 கிரயத்தின் நகலுக்கு இன்று மனுப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அயித்தையைப் பார்க்கப் போகிறேன். பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று கிரயத்தில் எழுதியிருந்தால் அந்த வரியை இங்கே போடுகிறேன்.